முடியாதுன்னு சொன்ன பிள்ளைகிட்ட முடிவை மாத்துற பொத்தானே இல்லை

தங்கச்சிமடம் சேவியர்:

என் தம்பி இங்கிலாந்துல ஒரு முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிறான். அங்க லைசென்ஸ் வாங்கி நடத்துற ஒரு பந்தயத் தளத்துல கால்பந்து மேல பணம் கட்டுவான். எனக்குப் பிடிக்காது, ஆனா அந்த ஊர்ல அது சட்டப்படியான விஷயம். மே மாசம் 640 பவுண்டு ஜெயிச்சான். எடுக்கப் போனா பாஸ்போர்ட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்டாங்க. அனுப்பினான். மறுநாளே "பெயர் பொருந்தவில்லை, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது"ன்னு மெயில் வந்துருச்சு.

நம்ம பிள்ளைகளுக்கு உள்ள பிரச்சினைதான். பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர்ங்கிற இடம் காலி. அந்தோணிராஜ்னு ஒரே பெயர். ஆனா தளத்துல கணக்கு தொடங்கும்போது ரெண்டாவது கட்டத்தைக் காலியா விட்டா படிவம் நகராது. அதனால அப்பா பெயர் சவரிமுத்துவை அதுல போட்டுட்டான். தளத்துல ரெண்டு பெயர், பாஸ்போர்ட்லயும் வங்கியிலயும் ஒரு பெயர்.

தடைக்காலம், படகு கரையில கிடக்கு, எனக்கும் வேலை இல்லை. ராத்திரி மூன்றரை மணிக்கு, அவனுக்கு அங்க பதினோரு மணி, டியூட்டி முடிஞ்சு வந்து சாட்டைத் திறப்பான். நான் வீடியோ கால்ல பார்த்துட்டு இருப்பேன். பதினொரு நாள்ல ஒன்பது தடவை பேசினான். ஒவ்வொரு தடவையும் வேற ஆள். எல்லாரும் மரியாதையாப் பேசுறாங்க, மன்னிப்புக் கேட்கிறாங்க, "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்"னு முடிக்கிறாங்க. ஒரு நாள் பொறுக்காம நானே அவன் பேர்ல டைப் பண்ணவான்னு கேட்டேன். நல்லவேளை, அவன் விடல.

இதுல ஒரு பொண்ணு மட்டும் கடைசியில, "இதை முறையான புகாராகப் பதிவு செய்யட்டுமா?"ன்னு கேட்டா. தம்பி கோபத்துல "புகார் வேண்டாம், பணத்தைப் போடு"ன்னு சொல்லிட்டான். அந்தக் கேள்வி எதுக்குன்னு எங்களுக்குப் புரியல. இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கா?

மண்டபம் குமார்:

சேவியர் அண்ணே, சாட்ல இருக்கிறவன் எல்லாம் வேணும்னே இழுத்தடிக்கிறவன். பணத்தைத் திருப்பிக் கொடுக்காம விட்டா அவனுக்குக் கமிஷன் உண்டு. ட்விட்டர்ல கம்பெனி பேரைப் போட்டுத் திட்டுங்க, மேல இருக்கிறவன் ஓடி வருவான். இல்லைன்னா அந்த நாட்டு சூதாட்ட ஆணையத்துக்கு எழுதுங்க, அவங்க வாங்கிக் கொடுத்துருவாங்க.

கீழக்கரை காக்கா:

குமார் தம்பி, நான் மால்ட்டாவில் மூன்று வருஷம் அந்த சாட் நாற்காலியில் உட்கார்ந்தவன். மனசு ஒப்பாமல்தான் விட்டு வந்தேன், ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கமிஷன் என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்களுக்கு அளவுகோல் வேறு. எத்தனை வினாடியில் பதில் சொன்னாய், ஒரு சாட்டை எத்தனை நிமிஷத்தில் முடித்தாய், கடைசியில் வாடிக்கையாளர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார். பணம் போனதா நின்றதா என்பது எங்கள் கணக்கிலேயே வராது.

என் திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். வாடிக்கையாளர் பெயர், இருப்புத் தொகை, எடுக்கக் கேட்ட தொகை, அதன் பக்கத்தில் "நிராகரிக்கப்பட்டது" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வார்த்தை. அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பார்க்க மட்டும் அனுமதி. சில சமயம் கீழே ஒரு குறிப்பு இருக்கும்: காரணத்தைச் சொல்லாதே, இந்தப் பதிலை ஒட்டு. என்னால் முடிந்தது சின்ன இலவசப் பந்தயம் ஒன்று கொடுப்பதும், உள்ளே மற்றப் பிரிவுக்கு டிக்கெட் என்று ஒரு குறிப்பு எழுதுவதும்தான்.

அப்படி வைத்ததற்கு நியாயமும் இருக்கிறது. வாடிக்கையாளரோடு பேசுகிற கையில் பணப்பெட்டிச் சாவி இருக்கக் கூடாது. இருந்தால் என் மச்சானே ஒரு கணக்கு தொடங்கி, "காக்கா, அந்த நிராகரிப்பைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்று கூப்பிடுவான். நன்றாக அழத் தெரிந்த மோசடிக்காரனும் எடுத்துவிடுவான். அதனால் ஆவணம் பார்ப்பது ஒரு பிரிவு, பணத்தை விடுவது ஒரு பிரிவு, சந்தேகக் கணக்கைப் பார்ப்பது இன்னொரு பிரிவு. பந்தயத்தை ரத்து செய்தது பற்றிய தகராறு என்றால் அது பந்தய விகிதத்தை நிர்ணயிக்கிறவர்களிடம் போகும். அவர்கள் யாரும் சாட்டில் உட்கார மாட்டார்கள். கறுப்புப் பணச் சந்தேகம் என்றால் காரணத்தை வாடிக்கையாளரிடம் சொல்வதே சட்டப்படி குற்றமாகலாம். அதனால் எங்களுக்கே சொல்ல மாட்டார்கள்.

ட்விட்டர் விஷயத்தில் குமார் பாதி சரி. அங்கே பதில் போடுகிறவரும் எங்களைப் போல முதல் வரிசைதான், ஆனால் ஊர் பார்க்கிறது என்பதால் மேற்பார்வையாளரிடம் சீக்கிரம் கொண்டு போவார். முடிவை மாற்ற அவருக்கும் பொத்தான் கிடையாது. பிரிட்டிஷ் ஆணையமோ தனி ஆளின் பணத்தை வாங்கித் தராது. கம்பெனி விதியை மீறியதா என்று பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை.

தங்கச்சிமடம் சேவியர்:

காக்கா, அப்ப ஒன்பது தடவை பேசினது எல்லாம் எங்கதான் போச்சு?

கீழக்கரை காக்கா:

ஒரே டிக்கெட்டின் அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு ஆளும் "வாடிக்கையாளர் மறுபடி கேட்கிறார், கோபமாக இருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருப்பார். ஆவணப் பிரிவில் இருக்கிறவர் திறந்து பார்க்கிறார். புதிதாக ஒன்றும் இல்லை. அதே பாஸ்போர்ட், அதே பெயர், அதே பதில். மூடிவிடுகிறார்.

முதல் வரிசை ஆளின் கையில் உள்ள உண்மையான பலம் அந்தக் குறிப்பில் என்ன எழுதுகிறார் என்பதுதான். "பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. தளத்தில் இருப்பது தகப்பன் பெயர். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் அச்சாகியிருக்கிறது, இணைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் பார்க்கிறவர் நிற்பார். அந்தக் கடைசிப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தெரியாது. படம் உள்ள பக்கத்தை மட்டும்தான் கேட்பார்கள். தம்பி அதை அனுப்பினாரா?

தங்கச்சிமடம் சேவியர்:

இல்லை காக்கா. முதல் பக்கம் மட்டும்தான்.

கீழக்கரை காக்கா:

அப்படியானால் வழி இருக்கிறது. சாட்டை விடுங்கள். தளத்தின் அடியில் புகாருக்கென்று தனி மின்னஞ்சல் இருக்கும். தம்பி தன்னுடைய கணக்கில் பதிந்த மின்னஞ்சலில் இருந்தே எழுதட்டும். நீங்கள் எழுதினால் கணக்கு வைத்திருப்பவர் இல்லை என்று அப்படியே மூடிவிடுவார்கள். முதல் வரியிலேயே "இது முறையான புகார்" என்று இருக்க வேண்டும். எந்த விதியின் எந்தப் பிரிவில் நிராகரித்தீர்கள் என்று கேட்க வேண்டும். புகார் எண் கேட்க வேண்டும். இறுதிப் பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

அந்த எண் கையில் வந்தால் ஆட்டம் மாறும். சாட் மேற்பார்வையாளரைத் தாண்டி, புகார்ப் பிரிவில் ஒருவர் பெயரில் அது ஏறும். அவர் ஆவணப் பிரிவைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கலாம். அவர்களும் ஒத்துக்கொள்ளாமல் இறுதிப் பதில் வந்தாலோ, புகார் கொடுத்து எட்டு வாரம் கடந்தாலோ, வெளியே இருக்கிற சமரச அமைப்புக்குப் போகலாம். பிரிட்டனில் பந்தயத் தகராறுக்கு ஐபாஸ் என்று ஒன்று உண்டு, வாடிக்கையாளருக்குக் கட்டணம் கிடையாது. எந்த அமைப்பு என்பதைக் கம்பெனியே சொல்ல வேண்டும். அந்த எட்டு வாரம் புகார் நாளிலிருந்து ஓடும். "பணம் எப்ப வரும்" என்று சாட்டில் கேட்டதைக் கம்பெனி வெறும் விசாரிப்பு என்று ஒதுக்கிவிடும்.

மண்டபம் குமார்:

சாட்ல சொன்னதும் புகார்தானே காக்கா? அதிருப்தியைச் சொல்லியாச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?

கீழக்கரை காக்கா:

அப்படி வாதாட இடம் உண்டு தம்பி, நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு சமரசக்காரரிடம் எந்தத் தேதி என்று காட்ட ஒரு எண் வேண்டும். சாட் பேச்சையும் பிரதி எடுத்து வையுங்கள்.

தொண்டி பாத்திமா:

காக்கா, என் வீட்டுக்காரர் டெலிகிராம்ல ஒரு ஆள் கொடுத்த லிங்க்ல கலர் விளையாட்டு ஆடி 38,000 ரூபாய் போட்டுட்டாங்க. திரையில இப்ப 1,12,000 இருக்குன்னு காட்டுது. எடுக்கணும்னா முதல்ல 30 சதவீதம் வரி கட்டுங்கன்னு சாட்ல சொல்றாங்க. நான் சாட்டைத் தாண்டி அடுத்த நிலைக்கு எப்படிப் போறது? மேனேஜர்னு ஒருத்தர் பேசினார், அவரும் வரியைத்தான் கேட்கிறார்.

கீழக்கரை காக்கா:

தங்கச்சி, ஒரு ரூபாய்கூட இனிமேல் போட விடாதீங்க. நான் சொன்ன படிகள் எல்லாம் லைசென்ஸ் உள்ள கம்பெனிக்கு. உங்களுடையதில் படியே கிடையாது. சாட்டில் இருக்கிறவனும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஜெயித்த பணத்துக்கு வரி என்றால் கொடுக்கும் தொகையிலிருந்து பிடிப்பார்கள். முன்னால் கட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். திரையில் தெரிகிற அந்த 1,12,000 வெறும் எண்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நம் நாட்டில் 2025 சட்டம் தடுத்துவிட்டது. இன்றைக்கே 1930க்குப் போன் போடுங்கள், இல்லை cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். எந்த யுபிஐக்கு எப்போது எவ்வளவு போனது என்று வங்கிச் செய்தியோடு சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கை விட்டு நகர்வதற்குள் போனால்தான் முடக்க வாய்ப்பு.

தொண்டி பாத்திமா:

போட்டு மூணு வாரம் ஆச்சு காக்கா. கடைசி 6,000 மட்டும் முந்தாநாள்.

கீழக்கரை காக்கா:

அப்படியானால் அந்த 6,000த்தை முதலில் சொல்லுங்கள். மற்றதையும் சேர்த்தே பதியுங்கள்.

தங்கச்சிமடம் சேவியர்:

முடிஞ்சதைச் சொல்லிடறேன். மே 17 தம்பி புகார் மெயில் போட்டான், பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தோட. ரெண்டு நாள்ல எண் வந்துச்சு. 24ஆம் தேதி ஒரு அம்மா, இந்தத் தடவை பெயரோட, எழுதினாங்க: தளத்துல பெயரைப் பாஸ்போர்ட் மாதிரி திருத்த ஒப்புக்கிறீங்களான்னு. ஒப்புக்கிட்டான். 29ஆம் தேதி 640 பவுண்டு வந்துருச்சு.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிச்சம். அதே பெயர்லதான் ரெண்டு மாசம் பணம் கட்டினான். கட்டும்போது சரியா இருந்த பெயர் எடுக்கும்போது எப்படித் தப்பாச்சு?

கீழக்கரை காக்கா:

பிரிட்டனில் 2019 மே முதல் ஆட விடுவதற்கு முன்பே பெயரையும் வயதையும் முகவரியையும் சரிபார்க்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக் கூடியதைப் பணம் எடுக்கும்போது நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்றும் இருக்கிறது. சட்டத்துக்காக வேறு சோதனை செய்ய வேண்டியது வந்தால் விலக்கு உண்டு. தம்பி விஷயம் இதில் எந்தப் பக்கம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இறுதிப் பதிலில் காரணம் எழுதியிருந்தார்களா?

தங்கச்சிமடம் சேவியர்:

இல்லை. "மறுஆய்வில் தீர்க்கப்பட்டது"ன்னு மட்டும். தம்பி இதோட விட்டுடலாம்கிறான். ஆணையத்துக்கு எழுதச் சொல்லி நான் பேசிட்டு இருக்கேன்.

தொண்டி பாத்திமா:

1930ல பதிஞ்சுட்டேன் காக்கா. பதிவு எண் போன்ல வந்துருக்கு. வீட்டுக்காரர் போனை வாங்கி நான் வச்சிருக்கேன். அந்த மேனேஜர் இப்பவும் கூப்பிட்டுட்டே இருக்கார்.