எக்ஸான் உள்ளே, டெஸ்லா வெளியே: இது என்ன இ.எஸ்.ஜி.?

பச்சைமிளகாய்: சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு அமெரிக்கப் பெரிய கம்பெனிகளைப் பொறுக்குகிற எஸ் அண்ட் பி 500 இ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து 2022 மே மாதம் டெஸ்லாவைத் தூக்கிவிட்டு எக்ஸான்மொபிலை வைத்துக்கொண்டார்கள். மின்கார் செய்பவன் கெட்டவன், எண்ணெய் எடுப்பவன் நல்லவனா? மொத்தமும் மோசடி என்று மஸ்க் அன்றைக்கே சொன்னார். இங்கே இ.எஸ்.ஜி. ஃபண்டுக்குச் சாமரம் வீசுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை: மஸ்க்கின் ட்வீட்டைப் படித்த நேரத்தில் குறியீட்டின் விதிகளைப் படித்திருக்கலாம். புகையிலை, சர்ச்சைக்குரிய ஆயுதங்கள், அனல் நிலக்கரி போன்றவற்றை முதலில் கழிக்கிறார்கள். எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியையும் அதன் தொழில் பிரிவுக்குள் மட்டும் ஒப்பிட்டு, உலக அளவில் கடைசி 25 சதவீதத்தில் நிற்பவர்களை வெளியேற்றுகிறார்கள். மிஞ்சியவர்களை மதிப்பெண் வரிசையில் எடுத்து, பிரிவின் சந்தை மதிப்பில் சுமார் 75 சதவீதம் வரும்வரை நிரப்புகிறார்கள். எக்ஸான் மோதியது எண்ணெய்க் கம்பெனிகளோடு, டெஸ்லா மோதியது கார் கம்பெனிகளோடு. இரண்டும் நேருக்கு நேர் நிற்கவே இல்லை.

பச்சைமிளகாய்: இவ்வளவு நீளம் எதற்கு சார்? எக்ஸான் உள்ளே இருந்ததா, இல்லையா?

கணக்குப்பிள்ளை: இருந்தது. எரிசக்தி என்று ஒரு பிரிவு இருக்கும்வரை அதை யாரையாவது வைத்து நிரப்பியே ஆகவேண்டும். அமெரிக்காவில் அந்தப் பிரிவின் பெரிய தலைகள் எக்ஸானும் செவ்ரானும். தாய்க் குறியீடான எஸ் அண்ட் பி 500-இன் லாபநட்டத்தை விட்டு அதிகம் விலகக்கூடாது என்பதற்காகவே இப்படி வடிவமைத்தார்கள். பச்சைக் கம்பெனிகளைத் தேடிப் பிடிப்பது அதன் வேலையே இல்லை.

மதுரைக்காரன்: டெஸ்லா வெளியே போனதற்குக் காரணம் வேறு. ஃப்ரீமாண்ட் ஆலையில் இனப்பாகுபாட்டுப் புகார், ஆட்டோபைலட் விபத்து விசாரணை. அதனால் மதிப்பெண் தடாலென்று சரிந்தது. கெட்ட முதலாளிக்குக் கிடைத்த தண்டனை, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை: பாதிதான் சரி தம்பி. அந்தப் புகார்களை எஸ் அண்ட் பி சொன்னது உண்மை. ஆனால் டெஸ்லாவின் மதிப்பெண் ஏறக்குறைய முந்தைய வருடத்து அளவிலேயே இருந்தது. மற்ற கார் கம்பெனிகள் மேலே ஏறியதால் இது கடைசி 25 சதவீதத்துக்குள் தள்ளப்பட்டது. இன்னொரு குறையாக அவர்கள் சொன்னது, குறைந்த கார்பன் வியூகம் இல்லை என்பது. மின்கார் மட்டுமே விற்கிற கம்பெனிக்கு! மதிப்பெண்ணில் பெரும்பங்கு கம்பெனி நிரப்பித் தருகிற கேள்வித்தாளுக்கும் வெளியிட்ட ஆவணங்களுக்கும் போகிறது. கொள்கை அறிக்கை எழுத ஒரு இலாகாவையே வைத்திருப்பவன் முந்துவான். லேபிளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இதுதான்.

பச்சைமிளகாய்: பார்த்தீர்களா, நான் சொன்னதையே சொல்கிறார். மோசடி!

கணக்குப்பிள்ளை: விதியை அச்சிட்டு வெளியிட்டவன் எப்படி மோசடிக்காரன்? படிக்காதது உங்கள் சௌகரியம். போன வருடம் தங்கப் பத்திர இழையிலும் இதே கதைதான்.

பச்சைமிளகாய்: தங்கப் பத்திரத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கேயும் நான் சொன்னதுதான் நடந்தது.

சேலம் செல்வி: சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். எனக்கு டெஸ்லாவும் தெரியாது, எக்ஸானும் தெரியாது. இங்கே ஒரு இ.எஸ்.ஜி. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறேன். காற்றாலை, சோலார் என்று நினைத்துப் பட்டியலைப் பார்த்தால் தனியார் வங்கிகளும் ஐ.டி. கம்பெனிகளும்தான் மேலே நிற்கின்றன. என் மகனின் சாதாரண லார்ஜ்கேப் ஃபண்டிலும் முதல் பத்தில் பாதிக்கு மேல் அதே பெயர்கள். தப்பான ஃபண்டை வாங்கிவிட்டேனா?

கணக்குப்பிள்ளை: தப்பான ஃபண்ட் இல்லை அம்மா, அதன் இயல்பே அது. வங்கிக்குப் புகைபோக்கி கிடையாது. கிளைகளின் மின்சாரத்தையும் ஏ.சி.யையும் மட்டும் கணக்கெடுத்தால் வங்கி பரம சுத்தம். அதே வங்கி அனல்மின் நிலையத்துக்குக் கொடுத்த கடன் அந்தக் கணக்கில் வராது. வட்டி மட்டும் லாபத்தில் வந்துவிடும். இ.எஸ்.ஜி. ஃபண்டுகளுக்கு 2023-இல் செபி ஆறு வகைகள் வைத்தது. உங்களுடையது சில தொழில்களையே விலக்கும் வகையா, பிரிவில் சிறந்ததை எடுக்கும் வகையா என்று திட்ட ஆவணத்தில் பாருங்கள். இரண்டாவது என்றால் எண்ணெய்க் கம்பெனியும் வரலாம்.

மதுரைக்காரன்: 80 சதவீதம் அந்த உத்தியின்படியே போட வேண்டும் என்று செபி விதி இருக்கிறதே. அப்புறம் என்ன பயம்?

கணக்குப்பிள்ளை: உத்தியே தளர்வாக இருந்தால் 80 என்ன, 100 சதவீதம் போட்டாலும் அதே வங்கிகள்தான் வரும்.

பச்சைமிளகாய்: அதெல்லாம் இருக்கட்டும். எக்ஸான் உள்ளே இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: மேலே “இருந்தது” என்று ஒரே வார்த்தையில்தான் ஆரம்பித்தேன். அடுத்த வரியைப் படிக்க உங்களுக்குப் பொறுமை இல்லை.

மதுரைக்காரன்: இரண்டு பேரும் தங்கப் பத்திர இழைக்கே போய்விடுங்கள். செல்வி அக்கா, வகை என்னவென்று பார்த்ததும் இங்கே போடுங்கள்.

பச்சைமிளகாய்: நான் ஏன் போகணும்? இழையை ஆரம்பித்ததே நான்தான்.