"எந்த ஆர்டர் என்று சொல்லுங்கள், பார்க்கிறோம்": வாராந்தர வருமானப் பிடித்தம், உங்கள் அனுபவம்?

நள்ளிரவு வண்டி
போன வாரம் 64 டெலிவரி. கட்டணம் மொத்தம் 4,800, டிப்ஸ் 300. ஒப்பந்தத்தில் கமிஷன் 20 சதவீதம், அதுவும் கட்டணத்துக்கு மட்டும். அப்படியானால் 960 போக வேண்டும், ஆனால் போனது 1,020. அதற்குக் கீழே 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்று மூன்று வரி, ஒவ்வொன்றும் 50. ஆர்டர் எண் இல்லை, காரணமும் இல்லை.

சப்போர்ட் சாட்டில் போய், எதற்காக இந்த அபராதம் என்று கேட்டேன். வந்த பதில்: "எந்த ஆர்டருக்கான அபராதம் என்று சொல்லுங்கள், பார்க்கிறோம்." அதைத்தானய்யா நான் உங்களிடம் கேட்டேன் என்று தட்டுவதற்குள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வேறு கேட்டது. பணத்தைவிட அந்த நட்சத்திரம்தான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது டயர்
அது கமிஷனே இல்லை. வாடிக்கையாளர் கையில் ரொக்கமாகக் கொடுத்ததை நீங்கள் வைத்திருப்பீர்கள், அதைத்தான் கழிக்கிறார்கள். எனக்கும் ஒரு தடவை 400 குறைந்தது. ரெண்டு நாள் தூக்கமில்லை, கடைசியில் பார்த்தால் என் பாக்கெட்டில்தான் இருந்தது.

கணக்குப்புள்ளி
டயர், ரொக்கம் தனி வரியில் வரும், கமிஷன் வரியைத் தொடாது. இங்கே கூடுதலாகப் போன 60-ஐப் பாருங்கள். டிப்ஸ் 300-இல் 20 சதவீதம் சரியாக 60. டிப்ஸையும் சேர்த்து 5,100-க்குக் கமிஷன் போட்டிருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

மொத்தத்தை வைத்து வாதாட வேண்டாம், ஒரே ஒரு ஆர்டரைத் திறந்து பாருங்கள். கட்டணம் 75, டிப்ஸ் 15 என்றால் கமிஷன் 15 இருக்க வேண்டும். 18 என்று இருந்தால் டிப்ஸிலும் கை வைத்திருக்கிறார்கள். டிப்ஸ் இல்லாத ஆர்டரையும் ஒன்று பாருங்கள். அதிலும் கூடுதலாகப் போயிருந்தால் சங்கதி வேறு: விகிதத்தை மாற்றியிருக்கலாம், அரசு வரியைச் சேர்த்திருக்கலாம்.

அந்த மூன்று 50-ஐப் போன வாரத்து ஆர்டர்களில் மட்டும் தேடாதீர்கள். டெலிவரி நடந்த நாளில் அபராதம் ஏறுவதில்லை, புகாரை அவர்கள் முடித்துவைத்த நாளில்தான் பல சமயம் ஏறும். அதனால் முந்தின வாரத்தில் ரத்தானவை, "கிடைக்கவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னவை எல்லாவற்றையும் பாருங்கள்.

ஹெல்மெட் தலை
எனக்கு நடந்தது கடை வாசலில். உணவு தயாராகவில்லை, நாற்பது நிமிடம் நின்றேன். கடைக்காரர் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று ஐந்து தடவை சொன்னார். வெறுத்துப்போய் ரத்து செய்தேன், என் மேல் அபராதம். காரணம் என்ன தெரியுமா? 'வந்துவிட்டேன்' பொத்தானைக் கடைக்குள் போய், பேசி, சண்டை போட்டு முடித்த பிறகுதான் அமுக்கியிருக்கிறேன். அவர்கள் கணக்கில் நான் காத்திருந்தது எட்டே நிமிடம்.

அப்புறம் டயர், உங்கள் 400 கதைக்கும் இவர் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது டயர்
சம்பந்தம் உண்டு. முதலில் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இன்னொன்று, எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் படுக்கப்போகும் முன் அன்றைய ஆர்டர் ஒவ்வொன்றையும் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வார அறிக்கை வரும் வரை காத்திருந்தால் பழைய ஆர்டர்களில் விவரம் சுருங்கிவிடும், வரைபடமும் போய்விடும். ஒப்படைத்த இடத்தின் புகைப்படத்தைச் செயலிக்குள் எடுப்பதோடு நிறுத்தாமல், போன் கேமராவிலும் ஒன்று எடுங்கள், நேரம் பதிவாகும். நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் இன்னும் நல்லது. நீல மையில் எழுதுங்கள், மழையில்...

ஹெல்மெட் தலை
மை வரைக்கும் வந்துவிட்டாரா!

கணக்குப்புள்ளி
ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் டயர் சொல்வது சரி. புகாரை மறுபடி திறக்கும்போது "ஏன் பிடித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பொதுவான பதில்தான் வரும். "இந்த மூன்று வரிக்கும் ஆர்டர் எண், சம்பவ நேரம், ஒப்பந்தத்தில் எந்த விதி, இவற்றை எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கமிஷனுக்குத் தனிப் புகார் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள்.

நள்ளிரவு வண்டி
பார்த்தேன். டிப்ஸ் இருந்த ஆர்டரில் 18, இல்லாததில் சரியாக இருக்கிறது. கணக்கு கச்சிதம், தலைவரே. தனிப் புகார் போட்டு நான்கு நாளாகிறது, பதில் இல்லை.

மூன்று 50-இல் ஒன்று மட்டும் சிக்கியது. முந்தின சனிக்கிழமை டெலிவரி, "கிடைக்கவில்லை" என்று புகார். வாசல் கதவுப் படம், இரவு 9:42, என் போனில் இருந்தது. அனுப்பினேன். 50 திரும்ப வந்தது, ஆனால் 'நல்லெண்ணத் தொகை' என்ற பெயரில். தப்பு அவர்களுடையது என்று எங்கும் இல்லை. மற்ற இரண்டுக்கும் மறுபடி அதே கேள்விதான்: எந்த ஆர்டர்?