புதுப்பிப்பு: இசையும் நினைவாற்றலும் கேள்வி

நான் முன்பு கேட்டது: "விரும்பியவர்கள் 20 பேர் காலை 9 மணிக்கு இசையோடு 30 சொற்களைப் படித்தார்கள். மற்ற 20 பேர் மாலை 4 மணிக்கு அமைதியில் அதே சொற்களைப் படித்தார்கள். இசைக் குழு அதிகம் நினைவுகூர்ந்தது. இதில் குறை என்ன?"

நாம் மாற்றிப் பார்க்கும் சாரா மாறி இசை, அளந்து பார்க்கும் சார்ந்த மாறி நினைவுகூர்ந்த சொற்களின் எண்ணிக்கை, ஒரே சொற்பட்டியல் கட்டுப்பாடு. பதில் சொன்னவர்களில் யாருக்கும் இதில் சண்டையில்லை. குறையில்தான் பிரிந்தார்கள்.

"40 பேர் போதாது" என்றார் ஒருவர். எண்ணிக்கை குறைந்தால் முடிவு தடுமாறலாம், ஆனால் அது ஒரு குழுவின் பக்கம் மட்டும் சாயாது. இன்னொருவர் தனக்குப் பாட்டு இல்லாமல் படிப்பே ஏறாது என்றார். சரி, ஆனால் கேள்வி அது இல்லையே!

பாடம் நடத்தும் ஒருவர் சொன்னதுதான் உதவியது: ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, "இது இரு குழுவுக்கும் வேறுபடுகிறதா? வேறுபட்டால் மதிப்பெண்ணை மாற்றுமா?" என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். நேரம் இரண்டிலும் மாட்டுகிறது. காலையில் மூளை தெளிவாக இருந்ததால்கூட அந்தக் குழு முந்தியிருக்கலாம். விருப்பப்படி சேர்ந்ததும் அப்படித்தான். இசையோடு படித்துப் பழகியவர்களே அந்தப் பக்கம் போயிருப்பார்கள். ஆக, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன்.

ஒரே ஆட்களை இரண்டு நிலையிலும் சோதிக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். அப்போது பட்டியலை மாற்ற வேண்டும், இசை முதலா அமைதி முதலா என்ற வரிசையையும் பாதிப் பேருக்குத் திருப்ப வேண்டும். எது மேல் என்று இன்னும் வாதம் ஓடுகிறது.