சொல் தேவை: தூதரின் பெயர் கெட்டால் நிறுவனம் விலகிக்கொள்ளும் ஷரத்து

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நடிகர்களோடும் விளையாட்டு வீரர்களோடும் சிறு நிறுவனங்கள் போடும் விளம்பர ஒப்பந்தத்துக்கு ஒரு தமிழ் மாதிரிப் படிவம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கட்டணம், படப்பிடிப்பு, காலக்கெடு இவற்றுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. வழக்கறிஞர்கள் ‘மாரல்ஸ் கிளாஸ்’ என்று சொல்லும் பகுதியில்தான் நிற்கிறேன். விளம்பரத் தூதராக இருப்பவரின் சொந்த நடத்தை பொதுவில் சர்ச்சையானால், ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கவோ முடித்துக்கொள்ளவோ நிறுவனத்துக்கு உரிமை தரும் பகுதி அது. ‘ஒழுக்க ஷரத்து’ என்று எழுதிப் பார்த்தேன், மனசுக்கு ஒட்டவில்லை. உங்கள் யோசனை வேண்டும்.

செல்வராஜ் எழுதியது:

‘நன்னடத்தை ஷரத்து’ போதும். பள்ளிச் சான்றிதழிலிருந்து எல்லா இடத்திலும் பழகிய சொல். விஷயமும் எளிதுதான். தூதரைப் போலீஸ் கைது செய்தாலோ கோர்ட் தண்டித்தாலோ நிறுவனம் விலகலாம். குற்றம் என்று ஒன்று இல்லாமல் விலகினால் அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார், நிறுவனம் தோற்கும். அதனால் ஷரத்தில் குற்றம் என்ற சொல் கட்டாயம் வர வேண்டும்.

சையது எழுதியது:

இதற்குப் புதுச்சொல் எதற்கு? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, ஓராண்டுத் தடையும் உண்டு. அரசுத் தமிழாக்கத்தில் இருக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே.

பத்மாவதி எழுதியது:

சையது ஐயா, நீங்கள் சொல்லும் சட்டம் விளம்பரத்துக்குள் சொல்லப்படும் பொய்யைப் பற்றியது. ‘இந்த எண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று ஒரு நடிகர் சொன்னால் அபராதம் விதிப்பது அரசின் அமைப்பு. கயல்விழி கேட்பது கேமரா நின்ற பிறகு அந்த நடிகர் செய்வதைப் பற்றி. அதை எந்தச் சட்டமும் நமக்காகப் பார்த்துக்கொள்ளாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதினோமோ அதுதான் கையில் நிற்கும்.

செல்வராஜ் சொல்வதில் பாதி சரி. குற்றத்தை மட்டும் பார்க்கும் ஷரத்துகள் உண்டு. ஆனால் அவற்றின் எல்லை மாறிவிட்டது. அது எப்படி மாறியது, மாறியதால் என்ன சிக்கல் வந்தது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ரஷார்ட் மெண்டன்ஹால் வழக்கு. அவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர். ‘சாம்பியன்’ என்ற விளையாட்டு உடை பிராண்டை வைத்திருந்த ஹேன்ஸ்பிராண்ட்ஸ் நிறுவனம் 2008இல் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அதில் இருந்தது செல்வராஜ் சொல்லும் வகைதான்: கடுங்குற்றத்தில் கைதாகிக் குற்றம் சாட்டப்பட்டால் அல்லது தண்டிக்கப்பட்டால் விலகலாம். 2010இல் ஒப்பந்தத்தை நீட்டித்தபோது அந்த ஷரத்தை விரித்து எழுதினார்கள். அவரைப் பொதுமக்களின் இகழ்ச்சிக்கோ ஏளனத்துக்கோ ஆளாக்கும் எந்தச் சம்பவமும், வாங்குவோரில் பெரும்பாலோரை அல்லது அவர்களில் ஏதாவது ஒரு பிரிவினரைப் புண்படுத்தும் எந்தச் செயலும் போதும் என்று ஆகிவிட்டது.

2011 மே மாதம் பின்லேடன் கொல்லப்பட்டபோது, ஒரு மனிதனின் சாவைக் கொண்டாடலாமா என்ற பொருளில் மெண்டன்ஹால் ட்விட்டரில் எழுதினார். செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றியும் சந்தேகம் எழுப்பினார். எதிர்ப்பு கிளம்பியது. அவர் விளக்கமும் கொடுத்தார். ஆனால் சில நாட்களிலேயே நிறுவனம் முடிவுக் கடிதம் அனுப்பிவிட்டது. குற்றம் இல்லை, கைது இல்லை, வெறும் பேச்சுதான்.

அவர் வழக்குப் போட்டார். நிறுவனம், ஷரத்து எங்களுக்கு உரிமை தருகிறது, விசாரணையே வேண்டாம், ஆவணங்களை வைத்தே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டது. வடக்கு கரோலினா கூட்டாட்சி நீதிமன்றம் 2012இல் மறுத்துவிட்டது. காரணத்தைக் கவனியுங்கள். நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், அவர் கருத்து எங்கள் பிராண்டின் மதிப்புகளோடு ஒத்துப்போகவில்லை, நாங்கள் அதைக் கடுமையாக மறுக்கிறோம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். ஷரத்தோ நிறுவனத்துக்குப் பிடிக்காததைப் பற்றிப் பேசவில்லை. மக்கள் இகழ்வதைப் பற்றிப் பேசியது. தன்னை ஆதரித்தும் மக்கள் எழுதினார்கள் என்று மெண்டன்ஹால் காட்டினார். இரண்டு மாதம் முன்பு தொழில்முறைக் கால்பந்தை அடிமை வணிகத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதியபோது நிறுவனம் வாய் திறக்கவில்லை என்றும் காட்டினார். ஆகவே உண்மையிலேயே அவர் பெயர் கெட்டதா, அல்லது நிறுவனம் தன் கருத்து வேறுபாட்டுக்கு ஷரத்தைச் சாக்காக்கியதா என்பது சாட்சியத்தால் தீர வேண்டிய கேள்வி என்றது நீதிமன்றம். 2013 தொடக்கத்தில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள்.

இதனால்தான் ‘ஒழுக்கம்’, ‘நன்னடத்தை’ இரண்டும் வேண்டாம் என்கிறேன். இந்த ஷரத்து அளப்பது அவருடைய ஒழுக்கத்தை அல்ல, மக்களிடம் அவருக்கு ஏற்பட்ட அவப்பெயரை. ‘ஒழுக்க ஷரத்து’ என்று பெயர் வைத்தால் முதலாளி ஒழுக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுவார். அறிக்கையில் ‘நாங்கள் ஏற்கவில்லை’ என்று எழுதுவார். அங்கேதான் வழக்கு கைநழுவும். ‘அவப்பெயர் ஷரத்து’ என்பது என் யோசனை.

முருகேசன் எழுதியது:

பத்மாவதி அம்மா எழுதியதைப் படித்தபோது எங்கள் கதை கண்முன் வந்தது. காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறோம். தொலைக்காட்சித் தொடர் நடிகர் ஒருவரை வைத்து விளம்பரம் செய்தோம். ஒப்பந்தம் ஒரே பக்கம், ஷரத்து என்று எதுவும் கிடையாது. அவர் ராத்திரியில் தெருவில் அடிதடி செய்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடியது. டிவி விளம்பரத்தை ஒரு போன் போட்டு நிறுத்திவிட்டோம். பாக்கெட்டை என்ன செய்வது? அவர் முகம் எண்ணெய்ப் பாக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சிலிண்டர் வெட்டி, ரோல் ரோலாகப் பிலிம் அடித்து வைத்திருந்தோம். புதுச் சிலிண்டர் வர வாரக்கணக்கில் ஆகும். கடைகளில் கிடந்த சரக்கு வேறு. கடைசியில் அவர் முகத்தோடேயே விற்றுத் தீர்த்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனோம். கட்டணத்தின் இரண்டாம் தவணையையும் கொடுக்க வேண்டியதாயிற்று. சொல் எதுவானாலும் சரி, இருக்கும் சரக்கை என்ன செய்வது என்று படிவத்தில் எழுதுங்கள்.

பத்மாவதி எழுதியது:

முருகேசன் அண்ணா, நீங்கள் பட்டதைப் பெரிய நிறுவனமும் பட்டிருக்கிறது. யூத எதிர்ப்புப் பேச்சுக்காக 2022 அக்டோபரில் அடிடாஸ், கான்யே வெஸ்ட் என்று முன்பு அறியப்பட்ட பாடகர் யே என்பவரோடு உறவை முறித்தபோது, அந்த ஆண்டு லாபத்தில் 25 கோடி யூரோ வரை அடிபடும் என்று அறிவித்தது. அவரோடு சேர்ந்து வெளியிட்ட ‘யீசி’ காலணிகள் கிடங்கில் மலையாகக் கிடந்தன. எரிப்பதா, தைத்த பெயரைப் பிரித்தெடுப்பதா என்று மாதக்கணக்கில் யோசித்து, 2023 மேயிலிருந்து தவணை தவணையாக விற்று, வருமானத்தில் ஒரு பகுதியை நன்கொடையாகக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தை முடிப்பது ஒரு நாள் வேலை. சரக்கைத் தீர்க்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது.

ஆகவே இந்த ஷரத்துக்குள் இரண்டு விஷயம் தனித்தனியாக வர வேண்டும். ஒன்று இடைநிறுத்தம். செய்தி வந்த அன்றே முடிவுக் கடிதம் அனுப்பினால் உண்மை தெரியாமல் அனுப்புகிறோம். பேசாமல் இருந்தால் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் விளம்பரத்தை நிறுத்தவும் அந்த நாட்களுக்கான கட்டணத்தைப் பிடித்துவைக்கவும் உரிமை வேண்டும். 2016இல் ஷரபோவா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதாக அறிவித்தபோது நைக்கி செய்தது இதுதான். விசாரணை நடக்கும்வரை உறவை நிறுத்திவைத்தது, பிறகு அவரோடு தொடர்ந்தது. அதோடு, இத்தனை நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும் என்றும் எழுத வேண்டும். இல்லையென்றால் தூதர் அந்தரத்தில் நிற்பார்.

இரண்டாவது சரக்கு. முடிந்த பிறகும் இருப்பை விற்றுத் தீர்க்க ஒரு கெடு, அதுவரை முகத்தையும் பெயரையும் பயன்படுத்த அனுமதி. இந்த வரி இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடிந்தபின் உங்கள் பாக்கெட்டில் அவர் முகம் இருப்பதே அவர் உங்கள்மேல் வழக்குப் போடக் காரணமாகலாம். சிறு ஆலைக்கு இன்னொரு யோசனை: முகத்தைப் பாக்கெட்டில் அச்சிடாதீர்கள், ஒட்டும் லேபிளில் போடுங்கள். லேபிளை அன்றே மாற்றலாம், சிலிண்டரை முடியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பெயர் கெட்டால் மூன்று மடங்கு திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதிப் பயமுறுத்துவது வீண். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. மீதமிருக்கும் காலத்துக்கான கட்டணத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும் என்று எழுதினால் நிற்கும்.

தமிழரசன் எழுதியது:

‘ஷரத்து’ எதற்கு? ‘கூறு’ இருக்கிறதே. ‘அவப்பெயர்’ என்பதிலும் பாதி வடமொழி. ‘இழுக்குக் கூறு’ என்றால் குட்டையாகவும் நம்முடையதாகவும் இருக்கிறது.

கயல்விழி எழுதியது:

‘இழுக்கு’ எனக்கும் பிடித்த சொல்தான், தமிழரசன். ஆனால் பத்திரம் எழுதுபவரிடம் ‘கூறு’ என்றால் சொத்துப் பங்கு என்று எடுத்துக்கொள்வார். இது பத்திரத்தில் வரப்போகிற சொல். அதனால் ‘ஷரத்து’ இருக்கட்டும்.

‘அவப்பெயர்’ பக்கம் நான் சாய இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஷரத்து திரும்பியும் வரலாம். நிறுவனமே மோசடியில் மாட்டினால் தூதரும் விலக வேண்டும் அல்லவா? ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி, தன் மைதானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்துக்கு விற்றிருந்தது. என்ரானின் மோசடி வெளிப்பட்டு அது திவாலானபின் 2002இல் அந்தப் பெயரைக் கழற்ற 21 லட்சம் டாலர் கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் ‘நன்னடத்தை’ என்று எழுத முடியாது. அவப்பெயர் இரு பக்கமும் பொருந்தும். ‘இருதரப்பு அவப்பெயர் ஷரத்து’ என்று எழுதிவிடலாம்.

இப்போதைய வரைவு இது:

“இந்த ஒப்பந்தக் காலத்தில் ஒரு தரப்பின் செயலோ பேச்சோ பொதுவில் வெளிப்பட்டு, அதனால் அத்தரப்புக்கு மக்களிடையே கணிசமான அவப்பெயர் ஏற்பட்டதாக மறுதரப்பு நியாயமான ஆதாரங்களோடு கருதினால், எழுத்து மூலம் அறிவித்து இந்த ஒப்பந்தத்தை 30 நாட்களுக்கு மிகாமல் நிறுத்திவைக்கலாம். அதற்குள் தொடர்வதா முடிப்பதா என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் ஒப்பந்தம் தொடர்வதாகக் கொள்ளப்படும்.”

அடுத்த பத்தியில் ‘இருப்புத் தீர்ப்புக் கெடு’ வரும்.

செல்வராஜ் எழுதியது:

மெண்டன்ஹால் வழக்கைப் படித்தபின் ‘குற்றம்’ மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்த வரைவு தூதருக்கு ஆபத்து. ‘மக்களிடையே’ என்றால் எத்தனை பேர்? 2015இல் ஆமிர்கான் நாட்டின் சூழலைப் பற்றித் தன் கவலையைச் சொன்னதற்கு, அவர் விளம்பரத் தூதராக இருந்த ஸ்னாப்டீல் செயலிக்குக் கூட்டமாகப் போய் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அது அவப்பெயரா, திரட்டப்பட்ட கோபமா? ‘கணிசமான’ என்ற ஒரே சொல் இதைத் தாங்காது. அரசியல், சமயக் கருத்துகளுக்கு விலக்கு வேண்டும்.

முருகேசன் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. நான் விற்பது நாலு மாவட்டத்தில். அங்கே ஒரு பிரிவினர் வாங்க மாட்டோம் என்றால் ஆலை நின்றுவிடும். அவர் பேசியது நியாயமா என்று பார்க்க எனக்கு அவகாசம் இல்லை.

பத்மாவதி எழுதியது:

இரண்டு பேர் பயமும் உண்மையானது. ஒரே வாசகத்தால் இதைத் தீர்க்க முடியாது என்பது என் கருத்து. பெரிய தூதர் கருத்து விலக்கைக் கேட்டு வாங்கிவிடுவார், சிறியவருக்குக் கிடைக்காது. கயல்விழி, படிவத்தில் இரண்டு வாசகங்களையும் அடுத்தடுத்துக் கொடுத்து, ‘தேவையற்றதை அடித்துவிடவும்’ என்று போடுங்கள். எதை அடிப்பது என்று கையெழுத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசட்டும்.

கயல்விழி எழுதியது:

அப்படியே செய்கிறேன். ‘அவப்பெயர் ஷரத்து’ என்பதைச் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன், பக்கத்தில் தமிழரசனின் ‘இழுக்குக் கூறு’வையும் மாற்றுச் சொல்லாக வைத்திருக்கிறேன். ‘இருப்புத் தீர்ப்புக் கெடு’ மட்டும் உறுத்துகிறது. தீர்ப்பு என்றதும் கோர்ட் ஞாபகம் வருகிறது. ‘சரக்குத் தீர்க்கும் கெடு’ எப்படி இருக்கிறது? முருகேசன் அண்ணா, உங்கள் கணக்குப்பிள்ளை இதை என்ன சொல்லிக் குறிப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.