பழுப்புத் தண்ணீர்ச் சோதனை காட்டும் சேனலை நண்பர்களுக்குப் பரிந்துரைக்கலாமா?

சோழவரத்தான்: குடிநீரைப் பற்றித் தமிழில் நேர்மையாகப் பேசும் ஒரே யூடியூப் சேனல் இதுதான். குழாய்த் தண்ணீரில் உள்ள விஷத்தைக் கண்முன்னே பிரித்துக் காட்டுகிறார். விளம்பரம் துளியும் இல்லை. நண்பர்கள் அனைவரும் அவசியம் பாருங்கள்.

வைகைக்கரையான்: குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அவர் ஒரு குவளையில் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் ஆர்ஓ இயந்திரம் சுத்திகரித்த தண்ணீரையும் வைத்துக் கருவியை இறக்குகிறார். ஒவ்வொரு குவளைக்குள்ளும் இறங்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றொன்று அலுமினியம். மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து பழுப்புக் கசடாகத் திரள்கிறது. அந்தக் கசடு கம்பியிலிருந்து வந்ததே தவிர, தண்ணீரிலிருந்து வந்ததல்ல. ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் அதில் மின்சாரம் சரிவரப் பாய்வதில்லை. எனவே கம்பியும் கரைவதில்லை, தண்ணீரும் தெளிவாகவே நிற்கிறது. வீடு வீடாக வரும் விற்பனைப் பிரதிநிதிகள் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் வித்தைக்கு இவர் பின்னணி இசை சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

சோழவரத்தான்: கண்ணால் கண்டதையே பொய் என்கிறீர்கள். கம்பிதான் காரணம் என்றால் இரண்டு குவளையும் அல்லவா பழுப்பாகியிருக்க வேண்டும்? ஒன்று மட்டும் ஏன் பழுப்பானது?

வைகைக்கரையான்: அதற்கான விடையைத்தான் மேலே எழுதினேன். ஐயம் இருந்தால், அதே ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரைத்துவிட்டுக் கம்பிகளை மீண்டும் இறக்கிப் பாருங்கள். அதுவும் பழுப்பாகும். உப்புப் போட்டதால் தண்ணீருக்குள் விஷம் புகுந்துவிட்டதா என்ன?

மேடவாக்கம் செல்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டிடிஎஸ் 1800 காட்டுகிறது, பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. ஆர்ஓ வேண்டாம் என்று சொல்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும்.

வைகைக்கரையான்: அம்மா, உங்களுக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. உங்கள் நிலைமைக்கு ஆர்ஓ பொருத்தமானதுதான். ஆனால் காணொளியில் அவர் மீட்டரை இறக்கியபோது தெரிந்த எண் 280. அந்த எண்ணைக் காட்டிவிட்டுத்தான் ‘விஷம்’ என்கிறார். மேலும், அந்த மீட்டர் கரைந்த உப்புகளைத்தான் தோராயமாகக் கணிக்கும், கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 280 காட்டக்கூடும் என்பதைச் சொல்லாத ஒருவரைத் துல்லியமானவர் என்று எப்படிப் பரிந்துரைப்பது?

கணக்கர்: சோதனையை விடுங்கள், விளம்பரத்துக்கு வருவோம். காணொளியின் விளக்கப் பகுதியில் ஆர்ஓ இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனத்தின் இணைப்பும் தள்ளுபடிக் குறியீடும் வெளிப்படையாகவே இருக்கின்றன. அதுவே அறிவிப்புதான், விதிப்படி அது போதும்.

வைகைக்கரையான்: போதாது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வகுத்த நெறிமுறைப்படி, இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் ‘விளம்பரம்’ என்ற அடையாளம் திரையில் நிற்க வேண்டும். பணம் வாங்கவில்லை, இயந்திரத்தை இலவசமாகத்தான் வாங்கினேன் என்றாலும் சொல்லியாக வேண்டும். இங்கே அறிவிப்பு இருக்கும் இடமோ ‘மேலும்’ என்பதை அழுத்தினால் மட்டுமே திறக்கும் பத்தியின் அடிப்பகுதி. பழுப்புத் தண்ணீரைக் காட்டி, இசையை ஏற்றி, உடனே அந்த இயந்திரத்தின் பெயரை நெருக்கமாகக் காட்டுகிறார்கள். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. அவருடைய உச்சரிப்பும் நிதானமும் நன்றாக இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அந்தக் குரல் நன்றாக இருப்பதுதான் ஆபத்து.

கணக்கர்: மன்றத்தின் நெறிமுறை சட்டமல்ல. அதை மறைத்துவிட்டீர்கள்.

வைகைக்கரையான்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சட்டம்தானே? தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் அதில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சோழவரத்தான்: போன வருடம் நான் செப்புக் குடத்தைப் பற்றி எழுதியபோதும் இவர் இதே தொனியில்தான் வந்தார். தமிழன் ஒருவன் முன்னேறினால் இவருக்குப் பொறுக்காது. அந்தத் தண்ணீர் பழுப்பானதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வைகைக்கரையான்: அந்தக் குடத்தையும் தள்ளுபடிக் குறியீட்டோடுதான் பகிர்ந்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஒரு சிட்டிகை உப்பு. வேறெதுவும் கேட்கவில்லை. போட்டுப் பார்த்துப் படம் எடுத்துப் பகிருங்கள்.

சோழவரத்தான்: என் வீட்டில் உப்பு சமையலுக்கு மட்டும்தான். பழுப்பு பழுப்புதான்.

மேடவாக்கம் செல்வி: அந்தக் குறியீடு இன்னும் செல்லுபடியாகிறதா? எங்கள் இயந்திரத்தின் சவ்வை இந்த மாதம் மாற்ற வேண்டும்.