கடைசி மணியும் புத்தகப்பையும்: பாவ்லவா, ஸ்கின்னரா?

தேன்மொழி: பி.எட். உளவியல் கட்டுரையில், கடைசி மணி அடித்ததும் மாணவர்கள் புத்தகங்களைப் பைக்குள் வைப்பதைப் பாவ்லவின் ஆக்கநிலையுறுத்தத்துக்கு எடுத்துக்காட்டாகத் தந்தேன். விரிவுரையாளர் அதை ஏற்கவில்லை. ஏன்?

கதிரவன்: நீங்கள் எழுதியது சரிதான். தூண்டல் முன்னால் வந்தால் பாவ்லவ், பரிசு பின்னால் வந்தால் ஸ்கின்னர். இங்கே மணிதான் முன்னால் வருகிறது.

நிலவன்: பாதிதான் சரி, கதிரவன். விளக்கு எரியும்போது நெம்புகோலை அழுத்தினால் மட்டுமே உணவு கிடைக்கும் என்று வைத்தால், ஸ்கின்னரின் எலியும் விளக்கைப் பார்த்துத்தான் அழுத்தும். அங்கும் தூண்டல் முன்னால்தான் வருகிறது. பார்க்க வேண்டியது, பலன் அந்தச் செயலைச் சார்ந்து வருகிறதா என்பதையே. பாவ்லவின் நாய்க்கு உமிழ்நீர் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் உணவு வந்தது. பையை மணிக்கு முன்பே கட்டினால் திட்டு விழும், மணிக்குப் பின் கட்டினால் வீட்டுக்குப் போகலாம். ஆகவே அந்தச் செயலைப் பிடித்து வைத்திருப்பது அதன் விளைவு, மணி வெறும் அடையாளம். மதிய உணவு மணி கேட்டவுடன் வாயில் நீர் ஊறுவதோ பாவ்லவின் வகை. ஒரே பள்ளியின் இரண்டு மணிகளையும் அருகருகே வைத்து எழுதுங்கள், ஒப்பீடு தானாக வரும்.

அமுதா: என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கணக்குப் பாடவேளையில் வயிறு வலிக்கிறது என்பான். நூலகத்துக்கு அனுப்பி வைப்பேன். இப்போது அது வாரம் முழுக்க வருகிறது. இது எந்த வகை?

கதிரவன்: வகுப்பை விட்டு வெளியே அனுப்புவது தண்டனைதானே?

நிலவன்: செயல் குறைந்தால்தான் அது தண்டனை; இங்கே கூடியிருக்கிறது. 1947-இல் உளவியலாளர் மௌரர் சொன்ன இருபடி விளக்கம் இதற்குப் பொருந்தும். முன்பு எப்போதோ கணக்குப் பாடவேளையில் பட்ட அவமானத்தோடு இணைந்து அந்தப் பாடவேளையே அச்சமூட்டுவதாகியிருக்கும். இது பாவ்லவின் படி. வெளியே போனதும் அச்சம் தணிவதால் வலி என்று சொல்வது வலுப்பெறுகிறது. இது ஸ்கின்னரின் எதிர்மறை வலுவூட்டல். வகுப்பிலேயே இருந்து, இன்று யாரும் திட்டவில்லை என்று உணரும் வாய்ப்பு அவனுக்குக் கிடைப்பதே இல்லை என்பதால்தான் அச்சமும் மறையாமல் நிற்கிறது.

அமுதா: ஆனால் அவன் பொய் சொல்லவில்லை ஐயா, முகம் வெளிறி வியர்த்துவிடுகிறது.

நிலவன்: நான் பொய் என்று சொல்லவே இல்லை, அம்மா. முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உடலில் கோளாறு இல்லையென்றால், வெளியே அனுப்பாத நாள்களிலும், ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாள்களிலும் வலி வருகிறதா என்று குறித்து வையுங்கள். வெளிறுவது அச்சத்தின் துலங்கல். கை தூக்கி அனுமதி கேட்பது, பலன் தெரிந்து வளர்ந்த செயல்.

கதிரவன்: அனுமதி கேட்பது சரி. வலியே அந்தப் பலனால் கூடியிருக்க முடியாதா? அப்படியானால் நீங்கள் போட்ட கோடு அங்கே நிற்காது.

நிலவன்: முடியலாம். அந்த இடத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம்தான். தேன்மொழி, கட்டுரையில் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.