ஜனவரி வரிசை மட்டும் ஏன் இவ்வளவு உயரம்? கோஹார்ட் அட்டவணையில் உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் செக்கு எண்ணெய்க் கடைக்குப் புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று ஆர்டர் பட்டியலை வைத்து எக்செல்லில் அட்டவணை போடுகிறேன். ஒரே மாதத்தில் முதல் ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லாம் ஒரு வரிசை. A-யில் கைப்பேசி எண், B-யில் ஆர்டர் தேதி. முதல் ஆர்டர் தேதியை C-யிலும், அதிலிருந்து எத்தனையாவது மாதம் என்பதை D-யிலும் எடுத்தேன்.

```
C2: =MINIFS(B:B,A:A,A2)
D2: =(YEAR(B2)-YEAR(C2))*12+MONTH(B2)-MONTH(C2)
```

முதலில் DATEDIF போட்டிருந்தேன். அது முழு மாதங்களை மட்டுமே எண்ணுவதால், ஜனவரி 28-இல் வாங்கியவர் பிப்ரவரி 3-இல் வந்தாலும் 0 என்றே காட்டியது. ஒரே மாதத்தில் இருமுறை வாங்கியவரை ஒருவராகவே எண்ணுகிறேன்.

இப்போது சிக்கல் இதுதான். மார்ச்சில் புதியவர்கள் 80 பேர். அடுத்த மாதம் திரும்பியவர்கள் 20 பேர், அதாவது 25 சதவீதம். ஜனவரியிலோ 310 பேரில் 140 பேர், 45 சதவீதம்! கடை 2022 முதல் நடக்கிறது. என் கையிலுள்ள பட்டியல் 2025 ஜனவரியில்தான் தொடங்குகிறது. பழைய வாடிக்கையாளர்கள் புதியவர்களாகப் பதிவாகிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜனவரியை மட்டும் நீக்கினால் போதுமா? ஐந்து லிட்டர் டின் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் வரும். அப்படியானால் பிப்ரவரி, மார்ச் வரிசைகளிலும் பழையவர்கள் கலந்திருப்பார்களே! எத்தனை மாதங்களை ஒதுக்குவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.